நின்ற இடத்திலேயே ஓடும் ராக்கெட்

1963 நவம்பர் 21 அன்று, திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பா என்ற மீனவக் கிராமத்திலிருந்து ஒரு சிறிய ராக்கெட் கிளம்பியது. இந்திய விண்வெளி முயற்சி அங்கேதான் தொடங்கியது. தும்பா இருப்பது வட அட்சரேகை எட்டரை டிகிரியில். ஆனால் செயற்கைக்கோள் ஏவ வேண்டும் என்ற கட்டம் வந்ததும் விஞ்ஞானிகள் தும்பாவை விட்டு வடக்கே நகர்ந்து, ஆந்திரக் கடற்கரையில் புலிக்காட் ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடந்த ஸ்ரீஹரிகோட்டா தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் அட்சரேகை 13.7 டிகிரி. அரை நூற்றாண்டு கழித்து, 2024 பிப்ரவரி 28 அன்று, தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அது 8.4 டிகிரியில் இருக்கிறது. தெற்கிலிருந்து வடக்கே போனவர்கள், மறுபடி தெற்கே வந்திருக்கிறார்கள்.

குலசேகரப்பட்டினம் ஏன் என்று கேட்டால் பெரும்பாலோர் ஒரு விளக்கம் சொல்வார்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகே பூமி வேகமாகச் சுழல்கிறது, அந்த வேகம் ராக்கெட்டுக்கு இலவசமாகக் கிடைக்கிறது என்பது அந்த விளக்கம். சொன்ன அறிவியலில் தப்பில்லை. ஆனால் அதுவே காரணம் என்றால், தும்பாவை விட்டு ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போயிருக்கவே வேண்டாமே? இந்த மூன்று ஊர்களின் வேகத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு விதமாகத் தெரிகிறது.

கணக்கு எளியது. பூமியின் நடுவயிற்றைச் சுற்றி அளந்தால் 40,075 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டில் நிற்கும் ஒருவர் ஒரு சுழற்சிக்குள் இவ்வளவு தூரத்தையும் கடந்துவிடுகிறார். சுழற்சிக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால் எல்லோரும் 24 மணி என்போம். அது சூரியனை வைத்துச் சொல்வது. நேற்று உச்சிக்கு வந்த சூரியன் இன்று மறுபடி உச்சிக்கு வர ஆகும் நேரம் அது. இதற்குள் பூமி சூரியனைச் சுற்றும் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், சூரியனை மறுபடி நேருக்கு நேர் பார்க்க அது ஒரு முழுச் சுற்றுக்கு மேல் இன்னும் சற்றே திரும்ப வேண்டியிருக்கிறது. தொலைதூர விண்மீன்களை வைத்துப் பார்த்தால் ஒரு முழுச் சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4 வினாடிதான். அதாவது 86,164 வினாடி. 40,075 கிலோமீட்டரை இதனால் வகுத்தால் வினாடிக்கு 465 மீட்டர், மணிக்கு 1,674 கிலோமீட்டர். 24 மணியால் வகுத்தவர்களுக்கு 1,670 கிடைக்கும். பேச்சுக்கு அது போதும், ராக்கெட்டுக்குப் போதாது.

நிலநடுக்கோட்டை விட்டு வடக்கேயோ தெற்கேயோ நகர நகர, ஒரு நாளில் சுற்றும் வட்டம் சிறுத்துக்கொண்டே போகிறது. எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும் மாறுவதில்லை. துருவத்துக்குப் போனால் வட்டமே இல்லை. அங்கே நிற்பவர் ஒரு நாளில் நின்ற இடத்திலேயே ஒரு முறை திரும்பிக்கொள்கிறார், அவ்வளவுதான். இடையில் உள்ள ஊர்களுக்கு வட்டம் எவ்வளவு சிறுத்திருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்த கொசைன் சொல்லிவிடும்:

v = 465.1 × cos φ

φ என்பது ஊரின் அட்சரேகை. விடை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வேண்டுமானால் 3.6-ஆல் பெருக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு 13.72 என்று போட்டால் கொசைன் 0.9715, வேகம் 452 மீட்டர். இதைக் கால்குலேட்டரில் போடும்போது பலருக்கும் 188 மீட்டர் என்று ஒரு விடை வரும். கருவி டிகிரியில் இல்லாமல் ரேடியனில் இருக்கிறது என்று அதற்குப் பொருள். இந்தியாவில் எந்த ஊருக்குக் கணக்குப் போட்டாலும் 350 மீட்டருக்குக் குறைவாக வராது. வந்தால் கருவியைப் பார்க்க வேண்டியதுதான்.

பூமி கச்சிதமான உருண்டை இல்லையே, நடுவில் கொஞ்சம் பருத்திருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்தப் பருமனைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஸ்ரீஹரிகோட்டாவில் வரும் வித்தியாசம் வினாடிக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவு. மலை ஏறினாலும் பெரிதாக ஒன்றும் கூடிவிடாது. தொட்டபெட்டா உச்சியில் நிற்பவருக்கு, அதே அட்சரேகையில் கடல் மட்டத்தில் நிற்பவரைவிட வினாடிக்கு இருபது சென்டிமீட்டர் அளவுக்கே கூடுதல்.

இனி மூன்று ஊர்கள். தும்பாவின் வேகம் வினாடிக்கு 460 மீட்டர். குலசேகரப்பட்டினமும் 460. ஸ்ரீஹரிகோட்டா 452. ஐந்து டிகிரிக்கு மேல் தெற்கே வந்தும் கிடைப்பது எட்டு மீட்டர்தான்.

ஏன் இவ்வளவு குறைவு? கொசைனின் குணம் அப்படி. நிலநடுக்கோட்டில் தொடங்கி வடக்கே நடந்தால் முதலில் அது இறங்குவதே தெரியாது. கன்னியாகுமரி வரை எட்டு டிகிரி வந்தும் ஒரு சதவீதம்தான் குறைந்திருக்கும். சென்னைக்கு வரும்போது மணிக்கு 1,631 கிலோமீட்டர், டெல்லியில் 1,470. அதன் பிறகுதான் சரிவு செங்குத்தாகிறது. லண்டனில் 1,040 சொச்சம். நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் நடுவே 45 டிகிரியில் வேகம் பாதியாகிவிடும் என்றுதான் மனசு எண்ணும். அங்கே இன்னும் 70 சதவீதம் மிச்சம் இருக்கிறது. சரிபாதியாவது 60 டிகிரியில், அதாவது நார்வேயின் ஆஸ்லோ நகரத்தை ஒட்டி. அங்கே மணிக்கு 837 கிலோமீட்டர். ஒரு சாதாரணப் பயணிகள் விமானம் பறக்கும் வேகத்தைவிடக் குறைவு இது. அந்த அட்சரேகையில் மேற்கு நோக்கிப் பறக்கும் விமானத்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால், மறைய வேண்டிய சூரியன் மறையாமல் அப்படியே நிற்கும். சென்னை அட்சரேகையில் இதைச் செய்துகாட்ட ஒலியை மிஞ்சும் போர் விமானம் வேண்டும்.

வினாடிக்கு அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான இந்த ஓட்டம் நமக்கு ஏன் தெரிவதில்லை என்பதற்கு 499-இல் ஆரியபட்டர் எழுதிய நூலிலேயே விளக்கத்தின் பாதி இருக்கிறது. ஆற்றில் போகும் படகில் இருப்பவருக்குக் கரையில் உள்ளவை பின்னால் நகர்வதுபோலத் தெரியும். அப்படித்தான் பூமி கிழக்கே சுழல்வதால் விண்மீன்கள் மேற்கே போவதுபோலத் தெரிகின்றன என்றார் அவர். படகு ஒரே சீராகப் போகும்வரை உள்ளே இருப்பவருக்கு ஓட்டம் உறைப்பதில்லை. நாமும் நம் வீடும் கடலும் காற்றும் ஒன்றாக ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கிறோம். ஆனால் படகின் முன்பக்கமாக ஒரு கல்லை எறிந்தால், கரையில் இருப்பவர் கணக்கில் அந்தக் கல்லுக்குப் படகின் வேகமும் சேர்ந்துகொள்ளும். பின்பக்கமாக எறிந்தால் கழிந்துபோகும். ராக்கெட் விஷயமும் இதுதான்.

செயற்கைக்கோளுக்கு நிலத்தைப் பற்றிக் கவலை இல்லை. கீழே பூமி சுழல்கிறதா நிற்கிறதா என்பது அதற்குப் பொருட்டே அல்ல. பூமியின் மையத்தைச் சுற்றிக் கீழே விழாமல் ஓடப் போதுமான வேகம் இருக்க வேண்டும். 500 கிலோமீட்டர் உயரத்தில் அந்த வேகம் வினாடிக்கு 7,610 மீட்டர். ஸ்ரீஹரிகோட்டாவில் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும் ராக்கெட், பூமியின் மையத்தைப் பொறுத்தவரை ஏற்கெனவே 452 மீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. தரையை விட்டுக் கிளம்பியதும் அந்த வேகம் கழன்று விழுந்துவிடுவதில்லை. கிழக்கு நோக்கியே போனால் ராக்கெட் தன் கையிலிருந்து போட வேண்டியது 7,160 மீட்டர்தான். காற்றைக் கிழித்துக்கொண்டும் ஈர்ப்பை எதிர்த்துக்கொண்டும் ஏறுவதில் வீணாகும் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் வேகம் இதற்கு மேல் தனிச் செலவு.

7,610-இல் 452 என்பது ஆறு சதவீதம். கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் ராக்கெட்டில் வேகத்தின் விலை நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. ஒவ்வொரு கூடுதல் மீட்டர் வேகத்துக்கும் எரிபொருள் வேண்டும், அந்த எரிபொருளைத் தூக்கிக்கொண்டு போகவும் எரிபொருள் வேண்டும். எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயுவின் வேகம் வினாடிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இந்த 452 மீட்டரைச் சொந்தமாகச் சம்பாதிக்க ராக்கெட் கிளம்பும்போது ஏறத்தாழ 16 சதவீதம் கூடுதல் எடையோடு இருக்க வேண்டும். 400 டன் ராக்கெட் என்றால் அறுபது டன்னுக்கு மேல். அவ்வளவையும் பூமி சும்மா கொடுக்கிறது. இதே கணக்கில் தும்பாவுக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையிலான எட்டு மீட்டரின் மதிப்பு கால் சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

ஆனால் பூமி கொடுப்பது கிழக்கே போகிறவர்களுக்கு மட்டும்தான். தும்பாவின் சிக்கல் அங்கேதான் இருந்தது. அது மேற்குக் கடற்கரை. கிழக்கே ராக்கெட் விட்டால் முதலில் திருவனந்தபுரம், அதைத் தாண்டினால் திருநெல்வேலிச் சீமை. ஏறும் வழியில் எரிந்து முடிந்த அடுக்குகள் கழன்று விழும். ஏதாவது கோளாறு என்றால் மொத்த ராக்கெட்டையும் வானிலேயே வெடிக்கவைக்க வேண்டியிருக்கும். கீழே கடல் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். தும்பாவைத் தேர்ந்தெடுத்தபோது யாரும் பூமியின் சுழற்சி வேகத்தை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. பூமியின் காந்த நடுக்கோடு அவ்வூர் வழியாகப் போகிறது. அங்கே மேல்வளிமண்டலத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய வேண்டும் என்பதே நோக்கம். அதற்கான சிறு ராக்கெட்டுகள் மேலே போய்க் கடலில் விழுந்துவிடும், சுற்றுப்பாதைக்குப் போவதில்லை. சுற்றுப்பாதை என்ற எண்ணம் வந்தபோது கிழக்கே திறந்த கடல் தேவைப்பட்டது. எட்டு மீட்டரை விட்டுக்கொடுத்து 452 மீட்டரை வாங்கிக்கொண்டார்கள்.

கிழக்கே கடல் இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு இஸ்ரேல் உதாரணம். 1988 செப்டம்பர் 19 அன்று ஓஃபெக்-1 என்ற தன் முதல் செயற்கைக்கோளை அந்த நாடு ஏவியது. கிழக்கே ஏவினால் ராக்கெட் அரபு நாடுகளின் தலைக்கு மேல் போக வேண்டும். அதனால் மத்தியதரைக் கடல் மீது, மேற்கே ஏவினார்கள். பால்மகிம் ஏவுதளம் இருக்கும் 32 டிகிரியில் பூமியின் வேகம் வினாடிக்கு 395 மீட்டர். மேற்கே போகிறவருக்கு இது வரவு இல்லை, கடன். முதலில் இந்த 395-ஐ அழித்துச் சுழியத்துக்கு வந்து, அதன் பிறகே மேற்கு நோக்கிய வேகத்தைச் சேர்க்கத் தொடங்க முடியும். கிழக்கே போகிறவரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இரட்டிப்பாகி 790 மீட்டர். எரிபொருளுக்கும் ராக்கெட்டின் எடைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நாடு தரும் விலை இது. அதனாலேயே அவர்களுடைய உளவுச் செயற்கைக்கோள்கள் எடை குறைந்தவையாக அமைந்தன.

நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் உண்மையாகவே பெரிய லாபம் அடைகிறவர்களும் உண்டு. ஆனால் லாபத்தின் பெரும்பகுதி வேகத்திலிருந்து வருவதில்லை. இந்த இடத்தில்தான் படித்தவர்களும் குழம்புகிறார்கள்.

ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட் காலங்காலமாகக் கஜகஸ்தானின் பைக்கனூரிலிருந்து, 46 டிகிரியிலிருந்து, போய்க்கொண்டிருந்தது. அங்கே பூமியின் வேகம் 324 மீட்டர். 2011 அக்டோபரில் அதே சோயுஸ் முதல்முறையாகத் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து, ஐந்து டிகிரியில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து கிளம்பியது. அங்கே வேகம் 463 மீட்டர். தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களை அனுப்பும் நீள்வட்டப் பாதைக்குப் பைக்கனூரிலிருந்து சுமார் 1.7 டன் தூக்கிய ராக்கெட், கூரூவிலிருந்து சுமார் 3 டன் தூக்கியது. 139 மீட்டர் வேகத்துக்கு இவ்வளவு பெரிய பலனா?

இல்லை. காரணம் பாதையின் சாய்வு. எந்தச் செயற்கைக்கோளின் பாதையும் பூமியின் மையத்தை நடுவில் வைத்துத்தான் அமையும். 46 டிகிரியிலிருந்து நேர் கிழக்கே ஏவினாலும் அது 46 டிகிரியிலேயே பூமியைச் சுற்றி வராது. தெற்கே இறங்கி, நிலநடுக்கோட்டைக் கடந்து, மறுபக்கம் 46 டிகிரி தெற்கு வரை போய்விட்டுத் திரும்பும். ஆக, ஏவும் ஊரின் அட்சரேகை எத்தனையோ, பாதையின் சாய்வு குறைந்தது அத்தனை. இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் நாட்டின் கபுஸ்தின் யார் தளத்திலிருந்து, 48.5 டிகிரியிலிருந்து போயிற்று. அதன் பாதையின் சாய்வு சுமார் 51 டிகிரி. அதைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்டிருந்தாலும் அந்த ஊரிலிருந்து 48.5-க்குக் கீழே நேராக இறங்கியிருக்க முடியாது.

தொலைக்காட்சி ஒளிபரப்பும் செயற்கைக்கோள்கள் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரிய வேண்டும். அதற்கு அவை நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், சாய்வே இல்லாத பாதையில் ஓட வேண்டும். சாய்ந்த பாதையை நேராக்குவது என்பது ஓடிக்கொண்டிருக்கும் வேகத்தின் திசையைத் திருப்புவது. விண்வெளியில் அதைவிடச் செலவான வேலை குறைவு. பைக்கனூரிலிருந்து வழக்கமாகக் கிடைத்த 51.6 டிகிரிப் பாதையைச் சரிசெய்து வட்டமாக்க, கூரூவிலிருந்து போனதற்கு ஆவதைவிட வினாடிக்கு 900 மீட்டருக்கு மேல் கூடுதல் வேகம் தேவை. சுழற்சியால் கிடைக்கும் 139 மீட்டர் இதன் பக்கத்தில் சில்லறை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போகும் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளின் பாதை சுமார் 20 டிகிரி சாய்வில் அமைகிறது. கூரூவோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் கூடுதல் செலவு 160 மீட்டரை ஒட்டி. கஜகஸ்தான் அளவுக்கு மோசமில்லை, ஆனால் தெற்கே இருக்கக்கூடாதா என்று ஏங்க வைக்கும் அளவுக்கு உண்டு.

சாய்வையும் வேகத்தையும் ஒரு சேரத் தீர்க்க நினைத்தவர்கள் கடலுக்கே போனார்கள். சீ லாஞ்ச் என்ற பன்னாட்டு நிறுவனம், எண்ணெய் எடுக்கும் மேடை ஒன்றை ஏவுதளமாக மாற்றி, பசிபிக் பெருங்கடலில் சரியாக நிலநடுக்கோட்டின் மேலே கொண்டுபோய் நிறுத்தி, 1999-இலிருந்து ஜெனித் ராக்கெட்டுகளை ஏவியது. முழு 465 மீட்டர், சாய்வு சுழியம். கணக்கில் குறையே இல்லை; நடத்துவதற்கு ஆன பணத்தில்தான் நிறுவனம் திணறியது.

இப்போது குலசேகரப்பட்டினம். அங்கிருந்து போகப்போவது எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட். 34 மீட்டர் உயரம், 120 டன் எடை. அது முக்கியமாகப் போகப்போவது கிழக்கே அல்ல, தெற்கே. நிலத்தைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் துருவங்களை ஒட்டிச் செல்லும் பாதையில் சுற்றும். ஒவ்வொரு இடத்தையும் தினமும் ஒரே உள்ளூர் நேரத்தில் கடக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பாதை 90 டிகிரியையும் சற்றுத் தாண்டி மேற்கே சாய்ந்திருக்கும். 500 கிலோமீட்டர் உயரத்துக்கு அந்தச் சாய்வு 97.4 டிகிரி. ஆக, கிழக்கே 460 மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும் ஊரிலிருந்து, கொஞ்சம் மேற்காகப் போகும் பாதைக்கு ராக்கெட் விட வேண்டும்.

கணக்கைப் பார்க்கலாம். குலசேகரப்பட்டினத்தின் மேல் அந்தப் பாதையில் ஓடும் செயற்கைக்கோளுக்குத் தெற்கே வினாடிக்கு 7,547 மீட்டரும் மேற்கே 991 மீட்டரும் வேகம் இருக்க வேண்டும். ராக்கெட்டிடமோ கிளம்பும்போதே கிழக்கே 460 இருக்கிறது. அதைக் கழித்துத் தீர்க்க, மேற்கே அது போட வேண்டியது 991 அல்ல, 1,451. இரண்டு திசைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் ராக்கெட்டின் கையிலிருந்து ஆகும் மொத்தச் செலவு 7,685 மீட்டர். பூமி சுழலாமல் நின்றிருந்தால் 7,612 போதும். அதாவது பூமியின் வேகம் இங்கே உதவவில்லை, 73 மீட்டர் இடைஞ்சல் செய்கிறது. ராக்கெட்டைத் திருப்பி வைக்கும் கோணமும் இதனால் மாறுகிறது. பாதையின் திசை தெற்கிலிருந்து மேற்கே ஏழரை டிகிரிதான். தரையிலிருந்து பார்த்தால் ராக்கெட் பதினோரு டிகிரி அளவுக்கு மேற்கே ஒதுங்கிப் போக வேண்டும். இல்லையென்றால் பூமி அதைக் கிழக்கே இழுத்துக்கொண்டு போய்விடும்.

இதே பாதைக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கணக்குப் போட்டால் விடை அதே 7,685. ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இல்லை. எனவே சுழற்சி வேகத்துக்காகக் குலசேகரப்பட்டினம் என்ற விளக்கம் இந்த வகை ஏவுதலுக்குப் பொருந்தவே பொருந்தாது.

பொருந்துவது வரைபடம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு இழுத்தால் அது சென்னையை உரசிக்கொண்டு போய் இலங்கையின் மேல் விழுகிறது. ஆகவே அங்கிருந்து துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்கே வங்கக் கடலுக்குள் போய், இலங்கையைச் சுற்றிக்கொண்டு, பிறகு தெற்கே திரும்புகிறது. வேகம் பிடித்த பிறகு திரும்புவது எவ்வளவு செலவு என்பதற்கு ஓர் அளவு சொல்லலாம். வினாடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பொருளைத் தனியாக 30 டிகிரி திருப்ப மட்டும் 1,000 மீட்டர் அளவுக்கு வேகம் செலவாகும். முன்னால் உந்திக்கொண்டே திருப்புவதால் நிஜத்தில் இவ்வளவு ஆகாது. ஆனாலும் எட்டு மீட்டர், எழுபது மீட்டர் என்று பேசிக்கொண்டிருந்த கணக்கு இதன் முன்னால் ஒன்றுமில்லை. 320 டன் எடையுள்ள பி.எஸ்.எல்.வி. இந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்கிறது. 120 டன் எஸ்.எஸ்.எல்.வி. தாங்காது. சில நூறு கிலோ தூக்குவதற்கென்றே செய்த ராக்கெட் அது. திருப்பத்துக்கு எரிபொருள் போனால் தூக்க வந்த சுமையில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். குலசேகரப்பட்டினத்துக்குத் தெற்கே இந்தத் தொல்லை இல்லை. பதினோரு டிகிரி ஒதுங்கிப் போகும் கோடு இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் நடுவே நழுவிக்கொண்டு போகிறது. அதன் பிறகு அண்டார்டிகா வரை பெருநிலம் எதுவும் குறுக்கே இல்லை.

கிழக்கே போகிறவற்றுக்கு ஸ்ரீஹரிகோட்டாவே தொடர்கிறது. நிலவுக்கும் புவிநிலைப் பாதைக்கும் போகும் கனமான ராக்கெட்டுகள் பூமி தரும் வேகத்தை வாங்கிக்கொண்டு அங்கிருந்துதான் போகின்றன. பாதுகாப்புக்காகச் சற்றுத் தென்கிழக்காகத் திருப்பி ஏவுவதால் 452-இல் ஒரு பகுதி பக்கவாட்டில் போய்விடும். பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். அடுத்த தலைமுறைப் பெரிய ராக்கெட்டுக்காக மூன்றாவது ஏவுமேடை கட்ட 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்தது. அதையும் ஸ்ரீஹரிகோட்டாவிலேயே கட்டுகிறார்கள்.